குடத்தின் எடை எத்தனை ஃப்ரேம்?

முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டுக்கொண்டு நேரே வரைய உட்காருபவர்களின் அனிமேஷனில் ஒரு பொதுவான குணத்தைப் பார்க்கலாம். எல்லாமே ஒரே சீராக நகரும். கை உயர்வதும் தலை திரும்புவதும் பந்து விழுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். வரைந்தவருக்குக் கை நன்றாகவே வரும். ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். ஓட விட்டால் மட்டும் யாருக்கும் எடை இருக்காது, எதுவும் கனமாக இருக்காது.

முந்தைய படம் சிவப்பாகவும் அடுத்த படம் பச்சையாகவும் மங்கலாகத் தெரிய, நடுவில் நாம் வரைகிறோம். இரண்டு கோடுகள் கண்ணெதிரே இருக்கும்போது கை தானாகவே நட்டநடுவில்தான் போய் நிற்கும். நடுவில், நடுவில், நடுவில் என்று வரைந்துகொண்டே போனால் அசைவு சீராகத்தானே இருக்கும்?

ஆனியன் ஸ்கின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டும். நேரத்தைக் காட்டாது. ஐந்தாம் படத்துக்குப் பின்னால் நான்காம் படம் தெரிகிறது, சரி. அந்த நான்காம் படம் திரையில் ஒரு ஃப்ரேம் நிற்கிறதா, பன்னிரண்டு ஃப்ரேம் நிற்கிறதா? அந்தச் சிவப்புக் கோட்டில் இதற்குப் பதில் கிடையாது. பதில் இருக்கும் இடம் எக்ஸ்போஷர் ஷீட். அந்த ஷீட்டிலோ தூரம் தெரியாது. எண்கள் மட்டும்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அசைவு முழுதாகும். அதிலும் ஷீட் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை ஒரே ஒரு ஷாட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஷீட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு நீளமான தாள். மேலிருந்து கீழே வரிசை வரிசையாக ஃப்ரேம்கள். சினிமா வேகம் நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் 24 வரிசை ஒரு நொடி. ஜப்பானிய ஸ்டுடியோக்களின் ஷீட்டில் ஒரு தாளுக்கு 144 ஃப்ரேம், அதாவது ஆறு நொடி வரும். இடது ஓரத்தில் என்ன நடக்கிறது என்று எழுத ஒரு பத்தி, வசனத்துக்கு ஒரு பத்தி, பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பத்தி, கடைசியில் கேமராவுக்கான குறிப்பு. செல்லுலாய்டு காலத்தில் கேமராமேன் இதைப் பார்த்துத்தான் படம் எடுத்தார்: இந்த ஃப்ரேமுக்கு எந்தத் தாளை எந்தத் தாளின் மேல் வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வரிசையிலும் எழுதியிருக்கும். இன்று அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. ஆனால் நேரத்தைத் திட்டமிட அதைவிட நல்ல வடிவம் இன்னும் வரவில்லை. ஓப்பன்டூன்ஸ் போன்ற மென்பொருளில் ஷீட் இன்றும் அப்படியே செங்குத்தாகத்தான் இருக்கிறது. கிரிட்டாவில் அதையே படுக்க வைத்து டைம்லைன் என்கிறார்கள்.

ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் அது டூஸ்; நொடிக்குப் பன்னிரண்டு படம் போதும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு படம் என்றால் ஒன்ஸ். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பகுதி டூஸில்தான் ஓடுகிறது. செலவு மிச்சம் என்பதோடு, மெதுவான அசைவுக்கு டூஸில் ஒரு உறுதியும் இருக்கிறது.

இனி ஷாட்டுக்கு வருவோம். ஒரு பெண் நிறைகுடத்தைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைக்கிறாள். பிளாஸ்டிக் குடம், 15 லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பார்ப்பவர்களுக்கு அந்த 15 கிலோ தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஷாட்.

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டு, அவர் தூக்குவதைப் போனில் எடுத்துக்கொண்டேன். “இதையெல்லாமா தம்பி படம் எடுப்பாங்க?” என்று சிரித்துக்கொண்டே தூக்கினார். போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும். ஆகவே காணொளியில் எண்ணிய ஒவ்வொரு ஐந்து ஃப்ரேமும் ஷீட்டில் நான்கு. இதை மறந்து எண்ணை அப்படியே ஏற்றினால் எல்லாம் கால் பங்கு மெதுவாகிவிடும்.

அந்தக் காணொளியை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தபோது எனக்கு வேண்டியது கிடைத்தது. அவர் குனிகிறார், குடத்தின் கழுத்தைப் பிடிக்கிறார், இன்னும் கொஞ்சம் முழங்காலை மடக்கி இறங்குகிறார். அப்புறம் உடம்பு எழத் தொடங்குகிறது. தோள் உயர்கிறது, கை நீண்டு விறைக்கிறது. குடம் மட்டும் தரையை விட்டு அசையவே இல்லை. கை முழுதாக விறைத்த பிறகுதான் குடம் கிளம்புகிறது. கிளம்பியதும் ஒரே வீச்சில் இடுப்புக்குப் போய்விடுகிறது. உடம்பு கிளம்பியதற்கும் குடம் கிளம்பியதற்கும் நடுவில் உள்ள அந்த நேரம்தான் எடை. படத்தில் தண்ணீரை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அந்த இடைவெளி இல்லாவிட்டால் குடம் காலிதான்.

ஆகவே ஒரு கோடுகூட வரையாமல் முதலில் ஷீட்டின் இடது பத்தியை நிரப்பினேன். மூன்று நொடி, 72 ஃப்ரேம். 1 முதல் 12 வரை நின்று குடத்தைப் பார்க்கிறாள். 13 முதல் 22 வரை குனிகிறாள். 23 முதல் 30 வரை பிடித்தபடி நிற்கிறாள். 31 முதல் 36 வரை இன்னும் இறங்குகிறாள். 37 முதல் 46 வரை உடம்பு எழுகிறது, குடம் எழவில்லை. 47 முதல் 54 வரை வீச்சு. 55இல் குடம் இடுப்பில் மோதுகிறது. 57 முதல் 62 வரை உடம்பு அந்தக் கனத்தை வாங்கிச் சாய்ந்து நிமிர்கிறது. மீதி பத்து ஃப்ரேம் நிற்கிறாள்.

இதை எழுதும்போது கையில் ஸ்டாப் வாட்ச் இருக்க வேண்டும், அல்லது எழுந்து நின்று நடித்துப் பார்க்க வேண்டும். மனதிலேயே கணக்குப் போட்டால் நாம் எப்போதும் அதிக நேரம் கொடுத்துவிடுவோம். யோசிக்கும் வேகம் செய்யும் வேகத்தைவிட மெதுவானது.

பிறகு அடுக்குகள். உடல் ஒன்று, குடம் ஒன்று. ஆனால் பிடித்த விரல்கள் குடத்தின் மேல் வர வேண்டுமே? ஆகவே விரல்களுக்கு மூன்றாவதாக ஒரு பத்தி. இப்படிப் பிரித்ததால் குடத்தின் முதல் படம் 46 ஃப்ரேம் வரை அப்படியே நிற்கலாம். திரும்ப வரைய வேண்டாம். விரல் அடுக்குக்கு உடல் படத்தின் எண்ணையே கொடுத்தால் தாள்கள் குழம்பாது. குடம் கிளம்பும் இடத்தில் ஷீட் இப்படி இருக்கும்:

```
ஃப்ரேம்  உடல்  குடம்  விரல்
  43      14     |     14
  44      |      |     |
  45      15     |     15
  46      |      |     |
  47      16     2     16
  48      17     3     17
  49      18     4     18
```

நிற்கும் கோடு என்றால் மேலே உள்ள படமே தொடர்கிறது என்று பொருள். குடத்தின் பத்தியில் அந்தக் கோடு முதல் ஃப்ரேமுக்குக் கீழிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் உடலின் பத்தியில் எண்கள் மாறிக்கொண்டே போகின்றன. தூரத்திலிருந்து பார்த்தாலே எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தத் தகவலை ஆனியன் ஸ்கின் எந்தக் காலத்திலும் தராது.

மொத்தம் உடலுக்கு 28 படம், குடத்துக்கு 14. இப்போதுதான் பென்சிலை எடுக்க வேண்டும்.

முதலில் அசைவின் முக்கிய நிலைகளான கீ படங்கள் மட்டும்: நிற்கும் 1ஆம் படம், குனிந்து பிடித்த 7, மிகத் தாழ்ந்த 10, கை விறைத்த 15, குடம் இடுப்பில் மோதும் 24, நிலைகொண்ட 28. இவற்றை வரையும்போது நான் ஆனியன் ஸ்கின்னை அணைத்துவிடுவேன். கீ படம் தன் காலில் தானே நிற்க வேண்டும். பக்கத்துப் படத்தின் கோடு தெரிந்தால் போஸ் அதன் பக்கமாக இழுபடும், வீரியம் குறையும்.

அடுத்து 1க்கும் 7க்கும் நடுவிலுள்ள குனிதல். இங்கே ஷீட் ஐந்து படத்துக்கு இடம் வைத்திருக்கிறது. அவற்றைச் சம தூரத்தில் வைத்தால் பொம்மை குனிவதுபோல் இருக்கும். மனித உடல் மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக நிற்கும். இதற்குக் கீ படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு டைமிங் சார்ட் வரைவார்கள். அதன் சூத்திரம் எளிது. முதலில் 4 வரும். அது 1க்கும் 7க்கும் நடு. பிறகு 3, அது 1க்கும் 4க்கும் நடு. பிறகு 2, அது 1க்கும் 3க்கும் நடு. மறுபக்கமும் அப்படியே: 4க்கும் 7க்கும் நடுவில் 5, 5க்கும் 7க்கும் நடுவில் 6. கணக்குப் பார்த்தால் 2ஆம் படம் மொத்தத் தூரத்தில் எட்டில் ஒரு பங்குதான் போயிருக்கும், 3ஆம் படம் கால் பங்கு, 4ஆம் படம் பாதி. அடுத்த மூன்று படத்தில் அதே தூரம் திரும்ப ஒடுங்கும்.

இங்கே கவனியுங்கள், கை செய்தது முழுக்க நடுவில் வரையும் வேலைதான். ஆனியன் ஸ்கின்னுக்கு மிக நன்றாக வரும் வேலை அதுவே. ஆனால் எந்த இரண்டு படத்துக்கு நடுவில் என்பதை நாம் தேர்ந்தெடுத்தோம். இதற்காக ஆனியன் ஸ்கின் பக்கத்துப் படத்தை மட்டும் காட்டினால் போதாது. வேண்டிய படத்தைக் காட்ட வேண்டும். 3ஐ வரையும்போது 1உம் 4உம் தெரிய வேண்டும், வேறு எதுவும் தெரியக் கூடாது. ஓப்பன்டூன்ஸில் ஒரு ஃப்ரேமை நிலையாகக் குத்தி வைக்கலாம். நாம் எங்கே நகர்ந்தாலும் அது தெரிந்துகொண்டே இருக்கும். தாளில் வரைபவர்களுக்கு இது இன்னும் சுலபம்: கீழிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில், தாளை நகராமல் பிடிக்கும் பெக் பார்மேல் எந்தத் தாளை எதன் கீழே வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

நடு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நடு கிடையாது. குனியும்போது தலை நேர்கோட்டில் இறங்காது, வளைவில் இறங்கும். ஆகவே 4ஐ மட்டும் நான் நடுவை நிரப்பும் இன்பிட்வீனாக நினைப்பதில்லை, அசைவின் வழியைத் தீர்மானிக்கும் பிரேக்டவுன் என்று தனியாக யோசித்து வரைகிறேன். இடுப்பு பின்னால் போகிறது, தலை இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது, பார்வை குடத்தில். அது சரியாக அமைந்துவிட்டால் 2, 3, 5, 6 நான்கும் அதையே பின்பற்றும்.

மென்பொருளில் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்கள் ஆனியன் ஸ்கின்னை ஃப்ரேம் கணக்கில் காட்டும், சில படக் கணக்கில். ஃப்ரேம் கணக்கு என்றால், டூஸில் வேலை செய்யும்போது ‘முந்தையது ஒன்று’ என்று வைத்தால் சில சமயம் நீங்கள் நிற்கும் அதே படமே பின்னால் வரும். எதுவும் தெரியவில்லையே என்று தேடுவீர்கள். கிரிட்டா படக் கணக்கில் காட்டுகிறது. அது வரைய வசதி. ஆனால் எட்டு ஃப்ரேம் நிற்கும் 7ஆம் படமும் ஒரே ஒரு ஃப்ரேம் நிற்கும் 17ஆம் படமும் அங்கே ஒரே மாதிரிதான் தெரியும்.

10இலிருந்து 15 வரைதான் இந்த ஷாட்டின் உயிர். பத்து ஃப்ரேம், டூஸில் ஐந்து படம். இங்கே இரண்டு பக்கமும் ஒடுங்கும் சார்ட் பொருந்தாது. கையில் தொய்வு இருக்கும்வரை உடம்பு சட்டென்று எழும். கை விறைத்ததும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் போராட வேண்டும். ஆகவே 11 நிறைய நகர்கிறது, 12 அதைவிடக் குறைவாக, 13 இன்னும் குறைவாக, 14உம் 15உம் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று. ஆனியன் ஸ்கின்னில் கோடுகள் மேல்பக்கம் நெருங்கி நெருங்கி வருவது நன்றாகத் தெரியும். அந்த நெருக்கத்தை நான் ரசித்துப் பார்ப்பேன். பாரம் தெரியும் இடம் அது.

இங்கேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. 14க்கும் 15க்கும் உள்ள தூரம் கோட்டின் தடிமனைவிடக் குறைந்துவிட்டால், கை நடுங்கிய ஒவ்வொரு இடமும் அசைவாகத் தெரியும். பெண் முக்குவதற்குப் பதிலாகப் படமே கொதிப்பதுபோல் துடிக்கும். ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: தோள் நகரும் திசையில் இல்லாமல் எல்லாப் பக்கமும் ஆடும். அப்படியானால் 14ஐ நீக்கிவிட்டு 13ஐ நான்கு ஃப்ரேம் நிறுத்துவது மேல். நீக்கிய நேரத்தை ஷீட் வேறு படத்துக்குக் கொடுத்துவிடும், மொத்தம் மாறாது.

இன்னொன்று, உருவம் மெல்லச் சுருங்குவது. 11ஐப் பார்த்து 12, 12ஐப் பார்த்து 13 என்று வரிசையாகப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரு இழை பிசகும். 15க்கு வரும்போது தலை சிறிதாகியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும். அடுத்தடுத்த படங்களை மட்டும் பார்த்தால் பிசகு கண்ணில் படாது. 10ஐயும் 15ஐயும் நிலையாக வைத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இனி வீச்சு. 47 முதல் 54 வரை, ஒன்ஸில் எட்டுப் படம். டூஸில் நான்கு படம் போதாதா என்று கேட்கலாம். ஆனியன் ஸ்கின்னைத் திறந்து பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. நான்கு படமாக வைத்தால் நடுவில் அடுத்தடுத்த இரண்டு குடங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும். அப்படி நின்றால் கண் ஒரு குடம் நகர்வதாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு குடம் மாறி மாறித் தெரிவதாக எடுத்துக்கொண்டு துள்ளும். எட்டாக்கினால் ஒவ்வொரு குடமும் முந்தையதின்மேல் கொஞ்சமாவது ஏறி நிற்கிறது. வேகமான அசைவுக்கு ஒன்ஸா டூஸா என்று முடிவெடுக்க இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியாது.

வீச்சுக்கு முன்னும் பின்னும் நிறைய படங்களைத் திறந்து வைத்தால் திரை கோட்டுக் குப்பையாகிவிடும். அதனால் குடத்தின் வாய் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை மட்டும் தனி அடுக்கில் முதலிலேயே போட்டுவிடுவேன். பத்துப் புள்ளிகள்: தரையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, நடுவில் எட்டு. அவற்றைச் சேர்த்தால் ஒரு வளைவு வர வேண்டும். நேர்கோடாக வந்தால் குடம் அவள் தொடைக்குள் புகுந்து போகிறது என்று பொருள். நிஜத்தில் அது வெளியே வீசி உள்ளே வரும். புள்ளிகளின் இடைவெளி முதலில் சிறிது, பிறகு அகலம், இடுப்பை நெருங்கும்போது மறுபடி கொஞ்சம் குறைவு. இந்தப் புள்ளிகளைப் பார்த்து குடம், குடத்தைப் பார்த்து கை, கையைப் பார்த்து உடம்பு. இந்த எட்டுப் படத்தில் மட்டும் வரிசை தலைகீழ். இங்கே உடம்பைக் குடம் இழுத்துக்கொண்டு போகிறது.

55க்குப் பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடம் மோதியதும் உடம்பு அந்தப் பக்கம் இழுபட்டு, 25, 26, 27இல் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிலைகொள்கிறது. கடைசிப் பத்து ஃப்ரேமில் உடம்பு அசையாமல் நின்றாலும் முந்தானை தனி அடுக்கில் இன்னும் மூன்று படம் ஆடி அடங்கினால் ஷாட் செத்துப் போகாது.

கீ படங்கள் முடிந்ததுமே ஒரு லைன் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், இன்பிட்வீன் எதுவும் இல்லாமல். ஷீட்டில் இருக்கும் நேரப்படி ஆறு கீ படங்களும் டக் டக்கென்று மாறும். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் தாளம் சரியா என்பது அப்போதே தெரியும். 7 எட்டு ஃப்ரேம் நிற்பது நீளமாகத் தோன்றினால் ஆறாக்கலாம். ஆனால் ஆறுக்குக் கீழே போனால் அவள் குடத்தைப் பிடித்ததே கண்ணில் பதியாது. இந்தக் கட்டத்தில் மாற்றினால் அழிக்க வேண்டியது ஒரு எண்தான். 28 படமும் வரைந்த பிறகு மாற்றினால் தூக்கிப் போட வேண்டியது ஒரு நாள் உழைப்பு.

இந்த ஷாட் முடிந்த பிறகு அதே படங்களை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஷீட்டில் 37 முதல் 46 வரை உள்ள பகுதியில் 13ஐயும் 14ஐயும் எடுத்துவிட்டேன். 11, 12, 15 மட்டும், ஆளுக்கு இரண்டு ஃப்ரேம். பத்து ஃப்ரேம் ஆறாகிவிட்டது. ஒரு கோடுகூடப் புதிதாக வரையவில்லை. ஓட்டிப் பார்த்தால் குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. அந்த நான்கு ஃப்ரேம் ஆறேழு கிலோவைக் கொண்டு போய்விட்டது. தனித்தனிப் படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினால், எந்தக் குடத்தில் தண்ணீர் அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து காலிக் குடமாக்கிப் பார்த்தேன். 7ஐ நான்கு ஃப்ரேமாக்கி, இறங்கும் 8, 9, 10ஐ முழுதாக எடுத்துவிட்டு, 11உம் 13உம் ஒரு ஃப்ரேம் வீதம், வீச்சில் ஐந்து படம், உடனே 24, பிறகு நேராக 28. தூக்கும் வரை நன்றாக ஏமாற்றியது. காலிக் குடத்தைப் பறிப்பதுபோலவே இருந்தது. இடுப்பில் வைத்த பிறகுதான் மாட்டிக்கொண்டது. 28இல் குடம் இடது இடுப்பில், உடம்பு வலது பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கிறது, வலது தோள் இறங்கியிருக்கிறது. அது 15 கிலோவுக்கான சாய்வு. அந்தப் போஸை எத்தனை ஃப்ரேம் நிறுத்தினாலும், எவ்வளவு குறைத்தாலும், குடம் மறுபடி நிறைந்துவிடுகிறது. ஷீட்டின் வேலை அங்கே முடிந்துவிட்டது. ஆனியன் ஸ்கின்னில் 1ஆம் படத்தைக் குத்தி வைத்துக்கொண்டு, முதுகுத்தண்டு அதைவிடக் கொஞ்சமே விலகி நிற்கும்படி 28ஐப் புதிதாக வரைந்தேன். அதற்கேற்றபடி 24இன் தோளையும் திருத்த வேண்டியிருந்தது.